தூண்மேல் நின்ற வீடும் அதன் கீழ்வெளியும்

வெள்ளம் பாயும் நிலங்களிலே தூண்களின்மேல் வீடமைக்கும் வழக்கம் உலகின் பல பாகங்களிற் காணப்படுவதாகும். அவற்றுள் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து மரவீடு வரலாற்று மாணவர்க்கு ஒரு தனிப் பாடத்தைத் தருகின்றது. அவ்வீட்டின் கீழிருந்த திறந்தவெளி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு அடைக்கப்பட்டது, அடைக்கப்பட்டதனால் விளைந்தது யாது என்பவற்றைப் பிரிஸ்பேன் நகரத்து ஆற்றின் வெள்ளமட்டங்களைக் கொண்டே அளந்தறிய முடிகின்றது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வீட்டுமுறை அங்கு பரவியது. வன்மரக் குற்றிகள் வரிசை வரிசையாக நிலத்தில் நடப்பட்டன. அவற்றின்மேல் உத்தரங்களும், உத்தரங்களின்மேல் தளப்பலகைகளும் இடப்பட்டன. சுவர்கள் ஒற்றைப் பலகையாலானவை, கூரை தகரம், முன்புறத்தில் விறாந்தை. நிலம் சரிந்திருந்த இடத்து ஒருபுறக் குற்றிகள் குட்டையாகவும் மறுபுறக் குற்றிகள் ஆளுயரத்துக்கு மேலாகவும் நின்றன. கீழ்வெளியின் ஓரங்களில் இடைவெளி விட்டு மரச்சலாகைகள் அறையப்பட்டன. அங்கே துணி துவைத்தனர். விறகும் கருவிகளும் வைத்தனர். மழைக்காலத்திற் பிள்ளைகள் விளையாடினர்.

இவ்வுயரம் வெள்ளத்துக்காகவே ஏற்பட்டது எனக் கொள்வது பொருந்தாது. வெள்ளம் எட்டாத குன்றுகளின் உச்சியிலும் இதேவகை வீடுகள் நிற்கின்றன. காற்றோட்டமும், சரிந்த நிலத்தை வெட்டிச் சமப்படுத்தும் செலவைத் தவிர்த்தலும் காரணங்களாயின. அவற்றோடு கறையானும் ஒரு முக்கிய காரணமாகும். ஒவ்வொரு குற்றியின் தலையிலும், உத்தரம் அமரும் இடத்தில், ஓரம் கீழ்நோக்கி மடிந்த தகரத் தொப்பி ஒன்று வைக்கப்பட்டது. இத்தொப்பி கறையானைக் கொல்வதில்லை. குற்றியினூடே மறைவாக ஏறிவரும் கறையானை வெளியே வரச்செய்து, தொப்பியின் ஓரத்தைச் சுற்றி மண்புற்றுக் கட்டச் செய்கின்றது. வீட்டுக்காரர் கீழே சென்று பார்த்தால் அப்புற்று கண்ணுக்குப் புலனாகும். எனவே கீழ்வெளி திறந்திருப்பதும், அதனுள் மனிதர் நடமாடுவதும் இம்முறையின் இன்றியமையாத பகுதிகளாயின.

படிக்கட்டும் இவ்வாறே காரணத்தோடு அமைந்தது. தளம் நிலத்திலிருந்து 2.4 மீற்றர் உயர்ந்திருப்பதாகக் கொள்வோம். இவ்வுயரத்தை ஐந்தாறு படிகளில் ஏறிவிட முடியாது. ஒரு படிக்கு ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் எனக் கணக்கிட்டால் 14 ஏற்றங்கள் வேண்டும். கடைசி ஏற்றம் விறாந்தையிலேயே முடிவதால் மிதிபலகைகள் 13 ஆகும். ஒவ்வொன்றும் 25 சென்ரிமீற்றர் ஆழமாயின், படிக்கட்டு வீட்டின் முன்னே 3.25 மீற்றர் தூரம் நீண்டு செல்லும். இதனாலேயே இவ்வீடுகளின் முற்றத்திற் பெரும்பங்கைப் படிக்கட்டே கொண்டுவிடுகின்றது. இரு சாய்ந்த பக்கப்பலகைகளுக்கிடையே மிதிபலகைகள் பொருத்தப்பட்டன. மிதிபலகைகளின் பின்புறம் பெரும்பாலும் அடைக்கப்படவில்லை. பக்கப்பலகைகள் விலகிப் போகாமல் இரும்புக் கம்பிகள் அவற்றை இறுக்கிப் பிடித்தன. பக்கப்பலகையின் அடி மண்ணைத் தொட்டால் ஈரத்தால் உக்கும். கறையானும் தொப்பிகளைத் தவிர்த்து அவ்வழியே வீட்டுக்குள் ஏறிவிடும். ஆகையால் அவ்வடியைக் கல்லின்மீதோ சீமெந்துத் திண்டின்மீதோ நிறுத்துதல் அவசியமாயிற்று.

இனி வெள்ளத்தை நோக்குவோம். 1893 பெப்ரவரி 3ஆந் தேதி ஆற்றின் மேற்பகுதியிலுள்ள குரோகாம்ஹேர்ஸ்ட் என்னுமிடத்தில் 24 மணித்தியாலத்தில் 907 மில்லிமீற்றர் மழை பெய்தது. இரு நாட்களின் பின் நகரத்து அளவுகோலில் வெள்ளம் 8.35 மீற்றரை எட்டியது. விக்ரோறியாப் பாலம் உடைந்தது. வீடுகள் பல ஆற்றில் மிதந்து சென்றன. இதற்குக் காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. நீர் தளத்துக்குக் கீழே ஓடும்வரை குற்றிகளுக்கிடையே தடையின்றிச் சென்றுவிடும். தளத்துக்கு மேலே ஏறியதும் மரவீடு படகைப்போல் மேலெழத் தொடங்கும். குற்றிகளோடு உறுதியாகப் பிணைக்கப்படாத வீடு தன் பாரத்தினாலேயே நின்றதாகலின், அப்பாரம் பயனற்றுப்போனதும் இருந்த இடத்தை விட்டகன்றது. தூணின் உயரம் தரும் பாதுகாப்புக்கு ஓர் எல்லையுண்டு என்பதை 1893 காட்டிற்று.

இவ்வெல்லையை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். நகரத்து அளவுகோலுக்கு அருகே, அதே அளவுமுறையில் நிலமட்டம் 3.2 மீற்றராக உள்ள இடத்தில் மேற்கூறிய வீடு நிற்பதாகக் கொள்வோம். அதன் தளம் 5.6 மீற்றரில் அமையும். 1893இன் வெள்ளம் அத்தளத்துக்கு மேல் 2.75 மீற்றர் நின்றிருக்கும். 1974 ஜனவரியில் வெள்ளம் 5.45 மீற்றரை எட்டியது. 13 படிகளும் மூழ்கி, தளம் வெறும் 15 சென்ரிமீற்றரால் தப்பியிருக்கும். 2011 ஜனவரியில் மட்டம் 4.46 மீற்றர், 7 படிகள் நீருக்குள் இருந்திருக்கும். 2022 பெப்ரவரியில் 3.85 மீற்றர், 3 படிகளே மூழ்கியிருக்கும். இவ்வாறு படிக்கட்டே வெள்ளத்தை அளக்கும் கோலாகின்றது. இந்நான்கு வெள்ளங்களில் மூன்றினை அவ்வீடு கீழ்வெளியில் சேறு படிந்ததோடு கடந்திருக்கும்.

ஆனால் 1974க்கும் 2011க்கும் இடையே நிலைமை மாறிற்று. நகருக்கு மேலே விவன்ஹோ அணை 1980களின் நடுப்பகுதியிற் கட்டிமுடிக்கப்பட்டது. அது வெள்ளத்தின் உச்சத்தைக் குறைக்கவல்லது. எனினும் அணைக்குக் கீழே ஆற்றுடன் சேரும் கிளையாறுகளின் நீரை அதனால் தடுக்கவியலாது. 1974போன்ற வெள்ளம் இனி வராது என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. நிலத்தின் விலை ஏறியது. குடும்பங்களுக்கு மேலதிக அறைகள் வேண்டப்பட்டன. கீழ்வெளி வீணாகும் இடமாகத் தோன்றியது. சலாகைகள் அகற்றப்பட்டுச் சுவர்கள் எழுந்தன. கூரைக்கு வேண்டிய உயரம் போதாதவிடத்து வீடு முழுவதையுமே தூக்கி நிறுத்திக் கீழே படுக்கையறைகள் அமைத்தனர்.

2011இல் நீர் தன் பழைய வழியே வந்தது. அங்கே மனிதர் குடியிருந்தனர். பழைய ஒற்றைப் பலகைச் சுவர் நனைந்தாலும் அதனுட் பொந்து இல்லாமையால் கழுவிவிட்டால் உலர்ந்துவிடும். புதிய அறைகளின் சாந்துப்பலகையோ நீரை உறிஞ்சி ஊதி உடைந்தது. அதன் பின்னிருந்த பொந்தில் சேறு தங்கிப் பூஞ்சணம் பிடித்தது. மின்னிணைப்புகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் கீழேயே இருந்தன. மேலே தளம் நனையாத வீடுகளிலும் இழப்பு பெரிதாயிருந்தது. அன்றியும், திறந்த தூண்களினூடே நழுவிச் செல்லும் நீரோட்டம் அடைத்த சுவரிலே முழு விசையுடன் மோதும். அவ்விசை சுவரின்வழி தூண்களையும் தாக்கும்.

இவ்விடத்து ஒரு நியாயத்தையும் மறுப்பதற்கில்லை. கீழ்வெளியை அடைத்தவர் அறியாமையால் மட்டும் அதைச் செய்யவில்லை. இடமின்மையும் பணமின்மையும் அவரை அதற்குத் தூண்டின. பெரிய வெள்ளம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறையே வந்தமையால், முற்றத்திலே நின்ற நீளமான படிக்கட்டின் பொருளை அடுத்த தலைமுறை மறந்தது. முன்னோர் கீழே விட்டுவைத்த வெளி வெறுமையானதன்று; அது நீருக்கும் காற்றுக்கும், கறையானைத் தேடும் கண்ணுக்கும் ஒதுக்கப்பட்ட பங்காகும். அப்பங்கை மனிதர் எடுத்துக்கொண்ட வீடுகளில், தளத்தின் உயரம் மாறாதிருந்தும், வெள்ளம் வீட்டினுள் நுழையும் மட்டம் மட்டும் பதினான்கு படிகள் கீழே இறங்கிவிட்டது.