தாலாட்டில் ஆடுவது எது?

தாலாட்டு என்றதும் தொட்டில்தான் மனத்தில் வருகிறது. ‘ஆட்டு’ என்ற பின்பாதி நம்மை அங்கே கொண்டுபோய் விடுகிறது. அலை படகைத் தாலாட்டியது, தென்றல் நாற்றைத் தாலாட்டியது என்று எழுதுகிறவர்களும் அசைவை எண்ணியே எழுதுகிறார்கள். சொல்லின் முன்பாதியோ வேறு கதை சொல்கிறது. தால் என்பது நாக்குக்குப் பழைய பெயர். நாவை ஆட்டி எழுப்பும் ஒலிக்குத்தான் தாலாட்டு என்று பெயர் வந்தது. தொட்டில் இல்லாமல் மடியில் போட்டுப் பாடினாலும் அது தாலாட்டுதான்.

இந்தப் பாட்டுக்கு ஊர்ப்பக்கம் வழங்கும் மற்றப் பெயர்களும் இதற்குச் சாட்சி. ராராட்டு என்பார்கள், ஓராட்டு என்பார்கள். மலையாளத்தில் தாராட்டு. பாட்டில் வரும் பொருளை வைத்து இவை பிறக்கவில்லை. ரா, ரோ என்று வாயில் புரளும் அசைகளே பெயராகிவிட்டன. தெலுங்கில் லாலி, கன்னடத்தில் ஜோகுள என்று சொல்வதும் அவ்வாறே. அங்கே பாட்டுக்கு இடையிடையே லாலி லாலி என்றும் ஜோ ஜோ என்றும் வரும்.

ஆராரோ என்பதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. ஆர் என்பது யார். ஆர் ஆரோ என்றால், நீ யாரோ, உன்னை அழவைத்தவர் யாரோ என்று தாய் கேட்கிறாள் என்பது அந்த விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆரிரரோ என்று நீளும்போது அந்தப் பொருள் நழுவிவிடுகிறது. தாலேலோவுக்கோ லாலிக்கோ அது பொருந்துவதும் இல்லை. ஒலி முதலில் வந்தது, பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே சரி.

ஜோ ஜோவை விட்டால், மற்ற இடங்களில் ரகரமும் லகரமும் ஏன் முன்னே வந்து நிற்கின்றன? தொல்காப்பியப் பிறப்பியலில் இதற்கு விடை இருக்கிறது. நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடினால் ரகரம் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். லகரத்துக்கு நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். க, ட, ப போன்ற எழுத்துகள் மூச்சை அடைத்துத் திறப்பவை. ஒவ்வொன்றும் ஒரு சிறு தட்டு. ரகரத்திலும் லகரத்திலும் அந்தத் தட்டு இல்லை. நாக்குதான் வேலை செய்கிறது, மூச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. தால் ஆட்டு என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது இங்கே புரியும்.

அதே தொல்காப்பியம் மொழிமரபில் இன்னொன்றும் சொல்கிறது: ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. ஆராரோ, ஆரிரரோ என்று உயிரெழுத்தை முன்னே விட்டுத் தாய்மார் தொடங்குவது இந்த மரபோடு ஒத்துப்போகிறது. தாலேலோவும் தகரத்தில்தான் தொடங்குகிறது.

மரபு கற்காமல் தாலாட்டு பாடினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தெருவில் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருப்பவரைச் சொல்லலாம். மகள் பிறந்த புதிதில் இரவில் தூளியாட்டும் வேலை அவர் தலையில் விழுந்தது. அவருக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது. வாய்க்கு வந்தபடி ‘லூ லூ லூ’ என்று இடைவிடாமல் சொல்லிப் பார்த்தார். பிள்ளை சிணுங்கியது. சில நாளில் அந்த ஒலி தானாகவே மாறி, ‘லூலு லூலு லோ... லூலு லூலு லோ...’ என்று நின்றது. அதைக் கேட்ட மாமியார், “என்ன மாப்பிள்ளை, கோழியக் கூப்புடுறீங்களா?” என்றார். “தூங்கிட்டாளே அத்தை” என்றார் இவர்.

மாற்றத்தின் காரணம் தூளியில் இருக்கிறது. உத்தரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தாழத் தொங்கும் தூளி ஒருமுறை போய்வர ஏறத்தாழ இரண்டரை விநாடி பிடிக்கும். பிள்ளையின் எடை கூடினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. கயிற்றின் நீளம்தான் அதைத் தீர்மானிக்கிறது. ‘லூலு லூலு’ என்பது தூளி போவதற்கு, நீண்ட ‘லோ’ அது திரும்பி வருவதற்கு. அந்த ‘லோ’வில்தான் பாடுபவருக்கு மூச்சு விடவும் இடம் கிடைக்கிறது. ஊகாரத்தில் இதழ் குவிந்து ஒலி ஒடுங்கும். ஓகாரத்தில் வாய் கொஞ்சம் திறந்து, ஒலி நீண்டு தானே அடங்கும். ஆராரோ, தாலேலோ எல்லாம் ஓகாரத்தில் முடிவதும் இதனால்தான் என்று தோன்றுகிறது. லகரத்தில் தொடங்கி இலக்கணத்தை மீறிய அந்தத் தகப்பன், முடிக்கும்போது பழைய தாலாட்டு முடிகிற இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தகப்பன் பாடும் தாலாட்டுக்கு நம் இலக்கியத்தில் இடம் உண்டா? தாலாட்டை ஏட்டில் ஏற்றியவர்களில் ஆண்களே முன்னே நிற்கிறார்கள். பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டுப் பதிகம் பாடினார். குலசேகராழ்வார் இராமனுக்குப் பாடினார். ஆனால் முன்னவர் யசோதையாகவும் பின்னவர் கோசலையாகவும் மாறித்தான் பாடினார்கள். குலசேகரரின் பெருமாள் திருமொழியில், பெற்ற பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடக் கொடுத்துவைக்கவில்லையே என்று தேவகி புலம்பும் பதிகம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பாட்டில்தான் தகப்பன் வருகிறான். உன் அப்பன் யார் என்று கேட்டவர்களுக்குக் குழந்தை விரலாலும் கடைக்கண்ணாலும் நந்தகோபனைக் காட்டியதாம். அந்தப் பேற்றை வசுதேவன் பெறவில்லையே என்கிறாள் தேவகி. இழப்பு தகப்பனுடையது, சொல்லும் வாய் தாயுடையது.

பிள்ளைத்தமிழ் தாலாட்டை ஓர் ஒழுங்குக்குள் வைத்தது. பத்துப் பருவங்களில் காப்பு, செங்கீரை இவற்றுக்குப் பின் மூன்றாவதாக வருவது தால். ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதல் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் வரை அந்த வரிசை மாறவில்லை. ஏழாம் மாதத்தை ஒட்டி இந்தப் பருவத்தை வைப்பது வழக்கம். குழந்தை நாவை அசைத்து ‘பபப’, ‘ததத’ என்று அசைகளை அடுக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த மாதத்தில்தான். எனவே தால் பருவத்தில் ஆடுவது பாடுபவர் நாவா, பிள்ளையின் நாவா என்றால், இரண்டும் என்று சொல்லலாம். பெரியவர் எளிய அசைகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், குழந்தையும் எளிய அசைகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

நாட்டுப்புறத் தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீர் நிறைய வரும், பாட்டன் பெருமை வரும், தகப்பன் பேச்சு குறைவு. அந்தச் சேதிகளையெல்லாம் எடுத்துவிட்டாலும் ஆராரோ நிற்கும். ஆராரோவை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் பாட்டு. சொல்லின் வேர் காட்டுவதும் இதையே. ஆகவே வார்த்தை தெரியாத தகப்பன் பிறந்த பிள்ளைக்கு ஒப்பிக்கும் ‘லூலு லூலு லோ’ அரைகுறைத் தாலாட்டு ஆகாது. தாலாட்டு என்ற பெயருக்கு முழு உரிமை உடையது அதுதான். நாட்டுப்புறப் பாடல் தொகுப்பவர்கள் தாய்மார் பாட்டைக் கேட்டு எழுதும்போது, அதே வீட்டில் தகப்பன் என்ன ஒலி எழுப்பினார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.