பணிநேர மதிப்பீடு

நிலுவையிலுள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை முன்கூட்டிக் குறித்து, அன்றைய பட்டியலைக் கையிலுள்ள நேரத்துக்குள் அடக்கும் முறை. முதலில் கணக்கிட வேண்டியது வேலையை அல்ல, மிஞ்சும் நேரத்தை. 8 மணி நேர அலுவலில் கூட்டங்களுக்கு 2 மணியும் தொலைபேசி, மின்னஞ்சலுக்கு 1½ மணியும் போனால் எஞ்சுவது 4½ மணிதான். அறிக்கைக்கு 2, பில் சரிபார்ப்புக்கு 1½, கடிதங்களுக்கு 1 என்று எழுதினால் கச்சிதமாகப் பொருந்தும். தாளில் மட்டும்.

மதிப்பீடுகள் பெரும்பாலும் குறைவாகவே அமைகின்றன. 1979இல் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் இதைத் திட்டமிடல் பிழை என்றனர். பியூலர் குழுவினரின் 1994ஆம் ஆண்டு ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க மாணவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். பிடித்ததோ 55 நாளுக்கு மேல். தடையின்றி நடக்கும் வேலையையே மனம் கற்பனை செய்கிறது, பழைய அனுபவத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே முடித்த வேலைகளின் உண்மை நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். முந்தைய அறிக்கைகள் 3 மணி பிடித்திருந்தால் இதற்கும் 3 மணியே. கூட்டுத்தொகை 5½ ஆவதால் கடிதங்கள் நாளைக்குப் போகும். முன்பு செய்தறியாத வேலைக்கு இம்முறை உதவாது. அதை ஆராய்ந்து பார்க்க மட்டும் ஒரு மணி ஒதுக்கலாம்.