``பணம் போயிடுச்சு... ஆர்டர் வரலையே மேடம்!" - வீட்டுத் தொழில் வெப்சைட்டில் பேமென்ட் சிக்கலைச் சமாளிப்பது எப்படி?

இட்லிப் பொடி, பருப்புப் பொடி எல்லாம் போட்டு அழகாக ஒரு வெப்சைட் ஆரம்பித்துவிட்டீர்கள். ராத்திரி 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வருகிறது. ``850 ரூபாய் கட்டிட்டேன் மேடம், ஆர்டர் கன்ஃபர்ம் ஆகலையே!" உங்கள் வெப்சைட்டைத் திறந்தால், அந்த ஆர்டர் Pending payment என்றே நிற்கிறது. பணம் எங்கே போனது?

முதலில் அடிப்படை வேலை. வெப்சைட்டில் பணம் வாங்க பேமென்ட் கேட்வே நிறுவனம் ஒன்றில் கணக்குத் தொடங்க வேண்டும். பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் தேவைப்படும். பலருக்கு விண்ணப்பம் திரும்பி வருவது வேறொரு காரணத்தால். வெப்சைட்டில் தொடர்பு முகவரி, ரீஃபண்ட் விதிமுறை, டெலிவரி விதிமுறை, பிரைவசி பாலிசி ஆகிய பக்கங்கள் இருக்காது. அவற்றை எழுதி வைத்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

இப்போது அந்த 850 ரூபாய்க்கு வருவோம். வாடிக்கையாளர் யுபிஐயில் பணம் கட்டும்போது உங்கள் வெப்சைட்டிலிருந்து யுபிஐ ஆப்புக்குப் போகிறார். பின் நம்பர் போட்டதும் பணம் போய்விடுகிறது. பிறகு அவர் வெப்சைட் பக்கத்துக்குத் திரும்பி வந்தால்தான், `பணம் வந்தாச்சு' என்ற தகவல் பிரவுசர் வழியாக உங்கள் வெப்சைட்டுக்குச் சேரும். நடுவில் போன் வந்தாலோ, நெட் போனாலோ, பக்கத்தை மூடிவிட்டாலோ தகவல் வராது. பணம் கேட்வேயில் பத்திரமாக இருக்கும். உங்கள் வெப்சைட்டுக்குத்தான் தெரியாது. வூகாமர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வம்பு. ஸ்டாக் கணக்கு வைத்திருந்தால், அதன் வழக்கமான செட்டிங்கில், பணம் கட்டாத ஆர்டரை 60 நிமிடங்களில் அதுவே கேன்சல் செய்துவிடும்.

இதற்குத் தீர்வு வெப்ஹுக். கேட்வேயின் சர்வர், வாடிக்கையாளரின் போனை நம்பாமல், நேரடியாக உங்கள் வெப்சைட்டுக்குத் தகவல் சொல்லும் ஏற்பாடு இது. ரேஸர்பே போன்ற கேட்வேக்களின் டேஷ்போர்டில் Webhooks என்ற பகுதி இருக்கும். அதில் உங்கள் பிளகின் தரும் முகவரியையும் ரகசியச் சொல்லையும் கொடுத்து, அந்தப் பிளகின் கேட்கும் பேமென்ட் ஈவென்ட்களை டிக் செய்ய வேண்டும். சில பிளகின்கள் இதைத் தானாகவே செய்துவிடும். வேலை செய்கிறதா என்று பார்க்க, 10 ரூபாய்க்கு ஒரு பொருளைப் போட்டு நீங்களே வாங்குங்கள். பணம் கட்டியதும் வெப்சைட்டுக்குத் திரும்பாமல் பக்கத்தை மூடிவிடுங்கள். சில நிமிடங்களில் ஆர்டர் Processing என்று மாறினால் சரி. மாறவில்லை என்றால், வெப்சைட் செய்து கொடுத்தவரை அன்றைக்கே பிடியுங்கள்.

அதுவரை, ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். போலி ஸ்க்ரீன்ஷாட் தயாரிப்பது இரண்டு நிமிட வேலை. ``யுபிஐ ஆப்ல வர்ற 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பரை அனுப்புங்க" என்று கேளுங்கள். அந்த நம்பரையோ, அவர் மொபைல் எண்ணையோ கேட்வே டேஷ்போர்டில் தேடுங்கள்.

Captured என்றிருந்தால் பணம் உங்களுடையது. ஆர்டரை நீங்களே கையால் Processing என்று மாற்றிப் பொருளை அனுப்பலாம். Authorized என்றிருந்தால் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் இன்னும் ஏற்கவில்லை என்று பொருள். Capture பட்டனை அழுத்த வேண்டும். விட்டுவிட்டால் சில நாள்களில் வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், செட்டிங்கில் ஆட்டோ கேப்சரைப் போட்டுவிடுங்கள்.

Failed என்றிருக்கிறது, ஆனால் அவர் கணக்கில் பணம் கழிந்திருக்கிறது என்றால்? இங்கேதான் பலர் பதற்றத்தில் தங்கள் கையிலிருந்து ஜிபேயில் 850 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பிறகு வங்கியும் திருப்பிக் கொடுக்கும், நஷ்டம் உங்களுக்கு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, இப்படிக் கழிந்த பணம் 5 நாள்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். 3-ம் தேதி போனது என்றால் 8-ம் தேதிக்குள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதைத் தர வேண்டியது நீங்கள் அல்ல. வாடிக்கையாளரிடம் இந்தத் தேதியையே சொல்லுங்கள்: ``உங்க பணம் எங்ககிட்ட வரலைங்க. 8-ம் தேதிக்குள்ள உங்க அக்கவுன்ட்டுக்கே வந்துடும். வரலைன்னா உங்க யுபிஐ ஆப்லயே புகார் குடுங்க, நானும் கேட்வேகிட்ட கேக்குறேன்."

பதறிப்போய் அவரே இரண்டு முறை கட்டிவிடுவதும் உண்டு. இரண்டுமே Captured என்றிருந்தால், ஒன்றை டேஷ்போர்டில் உள்ள Refund பட்டன் வழியாக மட்டும் திருப்புங்கள். அப்போதுதான் கணக்கில் பதிவு இருக்கும். அவர் கணக்குக்குப் போய்ச் சேர ஒரு வாரம் வரை ஆகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலில் பிடித்த கேட்வே கட்டணம் பொதுவாகத் திரும்ப வராது. 2 சதவிகிதமும் அதன் மேல் 18 சதவிகித ஜிஎஸ்டியும் என்று வைத்தால், 850 ரூபாய்க்கு அது சுமார் 20 ரூபாய்.