வலியும் உடம்பு வலியும்: தமிழ் வினாநிரலுக்குப் பின்மொழிபெயர்ப்பு எவ்வளவு சோதனை?

பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடக்கும் ஆய்வுகளில், தமிழ் வினாநிரல் தேறியதா இல்லையா என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் தமிழ் அறியாதவர். தலைமையகம் ஆங்கில வினாநிரலை அனுப்புகிறது. ஒருவர் அதைத் தமிழாக்குகிறார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறார். தலைமையகம் இரண்டு ஆங்கிலப் படிகளையும் ஒப்பிட்டு, வேறுபாடு தெரியும் இடங்களில் குறியிட்டுத் திருப்பி அனுப்புகிறது. குறிகள் தீர்ந்ததும் தமிழ் ஏற்கப்படுகிறது. பின்மொழிபெயர்ப்பு எனப்படும் இந்த முறைக்கான சான்றிதழைப் பல நெறிமுறைக் குழுக்களும் கேட்கின்றன. இம்முறை பிழைகளில் ஒரு வகையை மட்டுமே பிடிக்கிறது என்பது பலரும் ஏற்கும் குறை. நான் சொல்ல வருவது அதைவிடக் கடுமையானது: சில கேள்விகளில் இது சரியான தமிழைத் தள்ளிவிட்டுத் தவறான தமிழை ஏற்கவைக்கிறது.

முறையை ஆய்வுலகில் நிலைநிறுத்தியவர் ரிச்சர்ட் பிரிஸ்லின். குவாம் பல்கலைக்கழகத்தில் பத்து மொழிகளைச் சேர்ந்த 94 இருமொழியாளர்களைக் கொண்டு அவர் செய்த ஆய்வு 1970இல் வெளிவந்தது. இன்று அவர் பெயரைச் சொல்லிப் பின்மொழிபெயர்ப்பைக் கோருபவர்கள், அதே கட்டுரையில் அவர் தந்த எச்சரிக்கையைச் சொல்வதில்லை. இரண்டு ஆங்கிலப் படிகளும் ஒத்துப்போவதற்கு மொழிபெயர்ப்பு நன்றாக இருப்பது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று அவரே சொன்னார். சரியான இணை இல்லாத சொற்களுக்கு இருவரும் ஒரே வழக்கமான மாற்றைக் கையாளலாம். பின்மொழிபெயர்ப்பவர் திறமைசாலியாக இருந்தால், கோணலான வாக்கியத்திலிருந்தும் சொல்ல வந்ததை ஊகித்துவிடுவார். முதல் மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் வாக்கிய அமைப்பை அப்படியே விட்டுவைத்திருந்தால், அதைத் திருப்புவது இன்னும் எளிது. தமிழில் இந்த மூன்றாவது காரணம்தான் அதிகம் வேலை செய்கிறது.

ஒரு கேள்வியை எடுத்து முழுமையாகப் பார்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தர வினாநிரல் 1990களில் 15 மையங்களில் உருவானது. அவற்றுள் சென்னையும் ஒன்று. அதன் 26 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவில் மூன்றாவது கேள்வி வலியைப் பற்றியது. உடல்ரீதியான வலி, ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்யவிடாமல் எந்த அளவுக்குத் தடுப்பதாக அவர் உணர்கிறார் என்று அது கேட்கிறது. கீழே வரும் தமிழ் வடிவங்கள் விளக்கத்துக்காக நான் எழுதியவை. அதிகாரப்பூர்வத் தமிழ்ப் படியிலிருந்து எடுத்தவை அல்ல.

முதல் வடிவம்: “நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் செய்வதிலிருந்து உடல் வலி உங்களைத் தடுக்கிறது என்று எந்த அளவிற்கு உணர்கிறீர்கள்?” பள்ளிப் படிப்பு உள்ள எவரும் இதை ஆங்கிலத்துக்குத் திருப்பினால், மூலம் ஏறத்தாழ சொல்லுக்குச் சொல் வந்துவிடும். தலைமையகத்துக்கு மகிழ்ச்சி. ஆனால் இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், தமிழில் யாரும் யாரிடமும் இப்படிக் கேட்பதில்லை என்பது தெரியும்.

இரண்டாம் வடிவம்: “உடம்பு வலியால் உங்கள் வேலைகள் எவ்வளவு தடைபடுகின்றன?” இது பேச்சுக்கு நெருக்கமானது. ஆங்கிலத்துக்குப் போனதும் மூன்று குறிகள் விழும். ‘உணர்கிறீர்கள்’ காணோம், ‘செய்ய வேண்டியவை’ ‘வேலைகள்’ ஆகிவிட்டது, உடல் வலி உடம்பு வலியாகிவிட்டது. முதல் குறியைப் புறக்கணிக்கலாம், ஏனென்றால் இந்தக் கேள்விக்குத் தமிழில் அந்த வினை தேவையில்லை. இரண்டாவது குறி உண்மையிலேயே பயனுள்ளது. ‘வேலை’ என்றதும் சம்பளம் வாங்கும் வேலையை நினைப்பவர்கள் உண்டு. வீட்டில் நாள் முழுக்க உழைக்கும் பெண், “நான் வேலைக்குப் போறதில்லைங்க” என்று பதில் சொல்லிவிடலாம். மூன்றாவது குறியில் ஆங்கிலம் காட்டும் வேறுபாடு வெறும் நடை வேறுபாடுதான். ஆகவே ‘உடல்’ என்று மாற்றினால் குறி நீங்கிவிடும். உண்மையான சிக்கல் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது நடையில் இல்லை.

அன்றாடத் தமிழில் ‘உடம்பு வலி’ என்பது உடம்பெங்கும் பரவும் அசதி கலந்த வலி. காய்ச்சலில் வருவது, நாள் முழுக்க மண் சுமந்தபின் வருவது. முட்டியிலோ பல்லிலோ முதுகிலோ ஓரிடத்தில் இருக்கும் வலியை யாரும் உடம்பு வலி என்பதில்லை. மூட்டுத் தேய்மானத்தால் மாடிப்படி ஏற முடியாத ஒருவரிடம் உடம்பு வலியைப் பற்றிக் கேட்டால், “உடம்பு வலியெல்லாம் இல்லை, முட்டிதான்” என்று சொல்லி ‘இல்லவே இல்லை’ என்ற விடையைத் தேர்ந்தெடுப்பது முற்றிலும் இயல்பு. ‘உடல் வலி’ என்று எழுத்துநடைக்கு மாற்றினாலும் நிலைமை மாறாது, கேட்பவர் அதை உடம்பு வலி என்றே வாங்கிக்கொள்வார். இந்தக் கேள்விக்கு மதிப்பெண் தலைகீழாக இடப்படுகிறது. ‘இல்லவே இல்லை’ என்பதே உயர்ந்த மதிப்பெண்ணான 5 ஆகும். படி ஏற முடியாதவர் வலி பற்றிய கேள்வியில் முழு நலம் உள்ளவராகப் பதிவாகிறார்.

இந்தப் பிழையைப் பின்மொழிபெயர்ப்பு காண முடியாது. ‘உடல் வலி’ ஆங்கிலத்துக்குப் போனதும் மூலச் சொல்லாகவே மாறிவிடுகிறது. தமிழில் அதன் பொருள் எவ்வளவு சுருங்கியது என்பதற்கு ஆங்கிலத்தில் தடயம் இல்லை. திருத்த வேண்டுமானால் கேள்வி இப்படி ஆக வேண்டும்: “உடம்பில் எங்காவது வலி இருந்து, அதனால் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் போவது எவ்வளவு?” இதை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் தலைமையகம் உடனே குறியிடும்: ‘எங்காவது’ மூலத்தில் இல்லை, நீக்குக. மொழிபெயர்ப்பாளர் இதற்கெல்லாம் மின்னஞ்சல் எழுதி வாதாட மாட்டார். அவருக்குக் கேள்விக்கு இவ்வளவு என்று கூலி. நீக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

சிக்கலைக் காண்பதற்கு வழி இல்லாமல் இல்லை. கேள்வியைக் கேட்டபின், “இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்? எந்த வலியை நினைத்துப் பதில் சொன்னீர்கள்?” என்று துருவும் புரிதல் நேர்காணல்கள் இதற்காகவே உள்ளன. மூட்டு வலிக்காரர்கள் சிலரிடம் பேசினாலே இது வெளிவந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மொழிபெயர்ப்பு வழிகாட்டியிலும் பின்மொழிபெயர்ப்புக்கு அடுத்த படியாக இத்தகைய நேர்காணல் இருக்கிறது. நடைமுறையில் பணமும் காலமும் குறையும்போது வெட்டப்படுவது இந்தப் படிதான். காரணம் எளிது: பின்மொழிபெயர்ப்பு தலைமையகம் படிக்கக்கூடிய ஆவணத்தைத் தருகிறது. நேர்காணல் தருவதோ தமிழ்ப் பேச்சு.

விடைகளின் அளவுகோலில் சிக்கல் வேறு வகையானது. மூலத்தில் ஐந்து படிகள். நடுப்படிக்கு ‘மிதமான அளவு’ என்று எழுதினால் அட்சரம் பிசகாமல் திரும்பி வரும். களத்தில் அந்தச் சொல்லை முதியவர் ஒருவர் புரியாமல் பார்த்தால், களப்பணியாளர் “அதாவது, சுமாரா?” என்று தன் போக்கில் மாற்றிச் சொல்வார். ‘சுமார்’ என்பதில் திருப்தியின்மையின் சாயல் உண்டு; நடு அளவை மட்டும் அது குறிப்பதில்லை. ஆக, ஆங்கிலத்துக்குத் திருப்பிச் சரிபார்க்கப்பட்டது ஒரு வாக்கியம், வீட்டு வாசலில் கேட்கப்பட்டது இன்னொன்று. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம் ஆங்கிலத்தில் பதிவாகாததால் இந்தக் குறையும் மறைந்துபோகிறது. கேட்கப்படும் பேச்சு வடிவத்தையே அச்சிட்டு, அதையே சோதனைக்கும் அனுப்புவதுதான் சரி என்பது என் கருத்து. பேச்சுத் தமிழை அச்சில் பார்த்தால் முகம் சுளிக்கும் குழு உறுப்பினர்கள் இருப்பார்கள். ஆய்வுக்குத் தேவை அவர்கள் பாராட்டு அல்ல.

‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ இரண்டில் எது அதிகம் என்ற கேள்விக்கும் பின்மொழிபெயர்ப்பு பதில் தராது. வாழ்க்கைத்தர வினாநிரலை உருவாக்கியவர்கள் இதைச் சொல்லால் தீர்க்க முயலாமல் அளந்தார்கள். 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றின் இரு முனைகளிலும் ‘இல்லவே இல்லை’, ‘அளவுகடந்து’ போன்ற எல்லைச் சொற்களை எழுதி, இடைப்பட்ட பொருளுள்ள குறைந்தது 15 சொற்களைச் சாதாரண மக்கள் 20 பேரிடம் தந்து, ஒவ்வொன்றும் கோட்டில் எங்கே விழும் என்று குறிக்கச் சொன்னார்கள். சராசரியில் 20க்கும் 30க்கும் இடையில் விழும் சொல் இரண்டாம் படிக்கு. 45க்கும் 55க்கும் இடையில் விழுவது நடுப்படிக்கு. 70க்கும் 80க்கும் இடையில் விழுவது நான்காவதற்கு. மொழிதோறும் இப்படித் தேர்ந்தால், படிகளின் இடைவெளி நாடுகளுக்கிடையே ஏறத்தாழ ஒத்திருக்கும். அகராதியை நம்பித் தேர்ந்த நடுச்சொல் கோட்டில் 35இல் விழுந்தால், தமிழ் மாதிரியின் சராசரி மக்கள் நிலையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே நகர்ந்துவிடும்.

ஆய்வில் இலங்கையும் சேர்ந்திருந்தால் பின்மொழிபெயர்ப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதே முடிவை மாற்றும். தமிழ்நாட்டில் ‘வருத்தம்’ மனக்கவலை. யாழ்ப்பாணத்தில் அது நோய். “அடிக்கடி வருத்தமாக இருக்கிறதா?” என்ற கேள்வியைச் சென்னைக்காரர் துயரமாகத் திருப்புவார், சோதனை தேறிவிடும், யாழ்ப்பாணத்தில் அதே கேள்வி உடல்நலக் கேள்வியாகிவிடும். வலியைச் சொல்லவும் அங்கே “கால் நோகுது” என்பதுதான் முதலில் வாயில் வரும். ‘தமிழ்’ என்று ஒரே கட்டத்தில் குறித்து இரு நாடுகளுக்கும் ஒரே படியை அனுப்பும் வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

அப்படியானால் இம்முறையை ஒழித்துவிடலாமா என்றால், இல்லை. விடுபட்ட வரி, ‘இரண்டு வாரங்கள்’ என்பதற்குப் பதில் ‘நான்கு வாரங்கள்’, மாறிப்போன எதிர்மறை, தவறான தாவல் அறிவுரை ஆகியவற்றைப் பிடிப்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பின்மொழிபெயர்ப்பவருக்கு, கோணலான தமிழைக் கோணலாகவே ஆங்கிலத்தில் தரவும், இயல்பற்ற இடங்களைத் தனியே குறிக்கவும் சொல்ல வேண்டும். பலர் அழகான ஆங்கிலம் எழுதுவதே தங்கள் கடமை என்று நினைத்துப் பிழைகளைச் செப்பனிட்டுவிடுகிறார்கள். மூல வினாநிரலை முன்பே அறிந்த உளவியலாளரை இந்த வேலைக்கு அமர்த்தினால் நிலைமை இன்னும் மோசம். அவர் நினைவிலிருந்தே மூலத்தை எழுதிவிடுவார்.

குறிகளைத் தீர்க்கும் அதிகாரம் தமிழ் அறிந்த குழுவிடம் இருக்க வேண்டும். 2002இல் தொடங்கிய ஐரோப்பியச் சமூக ஆய்வு, ஜேனட் ஹார்க்னெஸ் வகுத்த குழுமுறையைப் பின்பற்றியது: இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள், குழு கூடி விவாதிக்கும், ஒருவர் முடிவெடுப்பார், முன்சோதனை நடக்கும், எல்லாம் ஆவணமாகும். பின்மொழிபெயர்ப்பு அங்கே தரச்சான்று அல்ல. நம் சூழலுக்கு நான் பரிந்துரைப்பது, தலைமையகம் அனுப்பும் ஒப்பீட்டுப் படிவத்தில் ‘வேறுபாடு வேண்டுமென்றே வைக்கப்பட்டது, காரணம் இது’ என்று எழுத ஒரு கட்டம். ‘எங்காவது’ என்ற சொல்லைக் காப்பாற்ற அந்த ஒரு கட்டம் போதும். அங்கே மூட்டு வலிக்காரர்களிடம் நடந்த நேர்காணலின் சுருக்கத்தை இரண்டு வரியில் தரலாம். தமிழ் தெரியாதவராலும் அந்தக் காரணத்தை எடைபோட முடியும்.

களப்பணி முடிந்தபின் தரவிலும் ஒரு சோதனை செய்யலாம். உடல்நலப் பகுதியில் உள்ள ஏழு கேள்விகளில் வலியும், அன்றாடம் இயங்க மருத்துவம் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதும், நடமாடும் திறனும் அடங்கும். மற்ற ஆறு கேள்விகளில் ஒரே அளவு மதிப்பெண் பெற்றவர்களை நாடுவாரியாக ஒப்பிட்டு, வலிக் கேள்வியில் மட்டும் தமிழர்கள் தொடர்ந்து நலமானவர்களாகத் தெரிந்தால், அதைத் தமிழரின் தாங்கும் குணம் என்று விளக்க முற்படும் முன் கேள்வியில் அச்சான தமிழை எடுத்துப் பார்க்க வேண்டும்.