நீர்வார்த்தல் முதல் கையொப்பம் வரை: மகளுக்கு நிலம் எழுதும் பத்திரம் வளர்ந்த கதை

தந்தை மகளுக்கு நிலம் எழுதிக் கொடுக்கும் பத்திரம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் நான்கைந்து பக்கங்களில் முடிந்துவிடும். தலைப்பில் 'தான செட்டில்மெண்ட்' என்றிருக்கும். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், நிலம் எப்படி வந்தது, எந்த நிலம், யார் சாட்சி என்று வரிசையாகப் போகும். ஆவண எழுத்தர்கள் பழைய படியைப் பார்த்து எழுதிவிடுகிற இந்த வரிகளில் மூன்றுக்கு நீண்ட வரலாறு உண்டு: சொத்து விவரம், ஏற்பு, சாட்சிக் கையொப்பம்.

முதலாவது சொத்து விவரம். சோழர் காலச் செப்பேடுகளில் தானம் கொடுத்த நிலத்தின் எல்லைகள் திசைவாரியாக நீண்டுகொண்டே போகும். இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்ன வதிக்குக் கிழக்கு என்று சொல்வதோடு, நிலத்தைச் சுற்றிப் பெண் யானையை நடத்தி, அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டதையும் பதிந்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியைச் சொல்லும் லெய்டன் பெரிய செப்பேடு இவ்வகையில் பெயர் பெற்றது. ஊரார் கண்முன் எல்லையை நடந்து காட்டுவதே அன்று நில அளவைக்கும் சான்றுக்கும் நின்றது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் சர்வே நடந்து, புலங்களுக்கு எண் வந்தது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், நிலத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இல்லாத பத்திரத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்றது. ஆனாலும் புல எண் வந்ததும் நான்கெல்லை போய்விடவில்லை. செக்குபந்தி என்ற பெயரில் அது இன்றும் எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அது நிற்பதற்கு நியாயம் இருக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம்.

ஒரு தந்தைக்கு ஒரே உட்பிரிவில் 2 ஏக்கர் 40 சென்ட் நன்செய் இருக்கிறது. பாதியை மகளுக்கு எழுதுகிறார். "மேற்படி 2.40-இல் 1 ஏக்கர் 20 சென்ட்" என்று மட்டும் எழுதினால் எந்தப் பாதி என்பது தெரியாது, நாளைக்கு அண்ணன் தம்பிகளோடு பாகப்பிரிவினை வழக்கு வரை போகும். "இதில் வடபுறம் 1 ஏக்கர் 20 சென்ட், அதாவது 0.48.5 ஹெக்டேர்; இதற்குச் செக்குபந்தி: வடக்கே பாசன வாய்க்கால், தெற்கே நான் நிறுத்திக்கொண்ட மீதி நிலம்" என்று எழுதி, கிழக்கையும் மேற்கையும் இப்படியே முடித்தால் மகளின் நிலம் தரையில் தெரியும். அளவும் எல்லையும் முரண்பட்டால், எல்லை தெளிவாக இருக்கும்போது பொதுவாக எல்லையைத்தான் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. அதனால், இறந்துபோன பக்கத்து நிலக்காரரின் பெயரைத் தாய்ப்பத்திரத்திலிருந்து அப்படியே பெயர்த்தெழுதக் கூடாது. இன்றைய எல்லையை நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது ஏற்பு. வரலாற்றில் பெரிய மாற்றம் நடந்தது இங்கேதான். கொடுப்பவர் நீர்வார்த்துக் கொடுப்பதும் வாங்குபவர் அதைக் கையில் ஏற்பதும் பழைய முறை. மிதாட்சரம் எழுதிய விஞ்ஞானேசுவரர் ஏற்பை மனம், வாக்கு, உடல் என மூன்றாகப் பிரித்தார். நிலத்தைக் கையால் தூக்கி வாங்க முடியாதே! ஆகவே சிறிதளவாவது அனுபவம் வாங்குபவர் கைக்கு வர வேண்டும் என்றார். கட்டிக்கொடுத்து வேற்றூர் போன மகளுக்கு இந்த விதி எவ்வளவு இடைஞ்சல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அந்த விதியை எடுத்துவிட்டது. 123-ஆம் பிரிவின்படி நிலத் தானத்துக்குக் கொடுப்பவரின் கையொப்பம், குறைந்தது இரண்டு சாட்சிகள், பதிவு ஆகியவை போதும்; சுவாதீனத்தை ஒப்படைத்தாக வேண்டியதில்லை. (முஸ்லிம் சட்டத்தின்படியான ஹிபாவுக்கு இது பொருந்தாது, அங்கே சுவாதீனம் கைமாற வேண்டும்.) ஆனால் ஏற்பை மட்டும் சட்டம் விடவில்லை. கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே வாங்குபவர் ஏற்க வேண்டும் என்கிறது 122-ஆம் பிரிவு. ஏற்கும் முன் மகள் இறந்துவிட்டால் தானம் செல்லாது.

ஏற்றதற்கு மகள் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை. பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வது, பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றுவது, வரி கட்டுவது எல்லாம் ஏற்புதான். இருந்தாலும் தந்தை மட்டும் கையெழுத்திட்டு, மகள் பெயரளவுக்கு இருக்கும் பத்திரங்களில் சச்சரவு எளிதில் நுழைகிறது. "இந்தத் தானத்தை நான் இன்று மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டேன்" என்ற ஒரு வரியும் அதன் கீழ் மகளின் கையொப்பமும் இருந்தால், அந்தச் சச்சரவுக்கு இடமிராது.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி, தந்தை தமக்கு எதை நிறுத்திக்கொள்கிறார் என்பது. "நிலத்தை இன்றே உனக்குக் கொடுத்தேன், என் ஆயுள்வரை மகசூலை நான் அனுபவித்துக்கொள்வேன்" என்று எழுதினால் தானம் செல்லும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "என் காலத்துக்குப் பிறகு உனக்குச் சேரும்" என்பது வேறு. உரிமை மரணத்துக்குப் பிறகே போய்ச் சேரும் என்றிருந்த ஒரு கேரளத்துப் பத்திரத்தில் தானம் முடிவுறவில்லை, எழுதியவர் ரத்துசெய்தது செல்லும் என்று 2018-இல் அதே நீதிமன்றம் தீர்த்தது. வித்தியாசம் ஒரு வாக்கியத்தில்தான். அந்த வாக்கியத்தை மகள் படித்துப் பார்த்தாக வேண்டும்.

நிலம் பூர்விகமானால் கேள்வி இன்னும் ஒன்று கூடும். பூர்விகச் சொத்தில் நியாயமான அளவைத் தந்தை மகளுக்குத் தானம் செய்யலாம், திருமணத்துக்குப் பிறகும் செய்யலாம் என்பது உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே ஏற்ற கொள்கை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், மகள்களுக்கு 1985-இல் செட்டில்மெண்ட் எழுதிய தந்தையே பிறகு அது செல்லாது என்று மாறிவிட்டார். கொடுத்தது குடும்பச் சொத்தில் ஏறத்தாழ 26-இல் ஒரு பங்கு. அது நியாயமான அளவே என்று 2003-இல் மகள்கள் பக்கம் தீர்ப்பானது. எனவே பூர்விகமா, சுயார்ஜிதமா என்பதைப் பத்திரத்தின் முன்வரலாற்றில் மூடி மறைக்காமல் எழுதுவதே மகளுக்குக் காவல்.

சாட்சிக் கையொப்பத்தின் கதை நீதிமன்றத்தில் வளர்ந்தது. சாட்சி என்றால் எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று 1912-இல் சென்னை மாகாண வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வீட்டில் கையெழுத்தான பத்திரத்தைப் பிறகு எடுத்துப்போய்ச் சாட்சி வாங்கும் பழக்கம் பரவலாக இருந்ததால், அவை பலவும் ஆட்டம் கண்டன. 1926-இல் சட்டம் திருத்தப்பட்டது. "இது என் கையெழுத்துதான்" என்று எழுதியவர் வாயால் கேட்டாலும் போதும். ஆனால் சாட்சி அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்றானது. இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அடையாளம் காட்டக் கையெழுத்திடுபவர்கள் தாமாகவே பத்திரத்தின் சாட்சிகள் ஆகிவிட மாட்டார்கள் என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதேபோல், மகனைச் சாட்சி போட வைத்தால் அவன் சம்மதம் வந்துவிட்டது என்ற ஊர் நம்பிக்கையும் பிழை. சாட்சிக் கையெழுத்து அதனளவில் சம்மதம் ஆகாது. சம்மதம் வேண்டுமானால் அதைத் தனி வரியாக எழுதி வாங்க வேண்டும்.

தலைப்பும் பணத்தைத் தொடும். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலை உயர்வின்படி அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம்தான், உச்சவரம்பு 10,000. வழிகாட்டி மதிப்பு 20 லட்சமானால் தீர்வை 20,000, கட்டணம் 10,000. குடும்பத்துக்கு வெளியே தானம் எழுதினால் தீர்வை மட்டுமே 7 சதவீதம்.

பதிவான பத்திரம் கைக்கு வந்ததும் மகள் செய்ய வேண்டியது பட்டா மாற்றம். எடுத்துக்காட்டில் சொன்ன நிலத்தைப் போல உட்பிரிவு தேவைப்பட்டால் சர்வேயர் வந்து அளக்க வேண்டியிருக்கும். அந்த நாளில் தந்தையும் மகளும் வயலில் நின்று கல் நட்டுக்கொள்ளட்டும்.