காசோலையை வங்கியில் போடும் முன்: பில் தகராறில் இறுதித் தீர்வும் விடுவிப்பு வாசகமும்

தகராறுக்குரிய பில்லுக்குக் குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு மீதிக்குப் பிறகு வழக்குப் போடலாம் என்ற நம்பிக்கை ஒப்பந்ததாரர்களிடம் பரவலாக உண்டு. பகுதித் தொகை முழுக் கடனைத் தீர்க்காது என்ற பழைய ஆங்கிலச் சட்ட விதி, 1602-இன் பின்னெல் வழக்கில் தோன்றி 1884-இல் ஃபோக்ஸ் எதிர் பியர் வழக்கில் உறுதியானது. ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அந்த வழியில் செல்லவில்லை. அதன் 63-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில், 5,000 ரூபாய் கடனுக்கு 2,000 ரூபாயை முழுத் தீர்வாகக் கொடுத்து மற்றவர் ஏற்றுக்கொண்டால் கடன் முழுவதும் தீர்கிறது. மீதியை விட்டுக்கொடுப்பதற்குத் தனியாக மறுபயன் எதுவும் தேவையில்லை.

அந்த ஏற்பு கையெழுத்தால்தான் நிகழ வேண்டும் என்பதில்லை. பகவதி பிரசாத் பவன்குமார் எதிர் இந்திய ஒன்றியம் (2006) வழக்கில், ரயில்வே காசோலையோடு அனுப்பிய கடிதம், சம்மதமில்லையென்றால் காசோலையை உடனே திருப்பி அனுப்பும்படி கேட்டது. பணமாக்கினால் இறுதித் தீர்வாகக் கொள்ளப்படும் என்றும் சொன்னது. பணமாக்கியது 8-ஆம் பிரிவின்படி நடத்தையால் ஆன ஏற்பே என்றது உச்ச நீதிமன்றம். மறுப்பைப் பணமாக்கும் முன்பே தெரிவித்திருக்க வேண்டும். பின்னர் எழுதும் கடிதம் ஏற்பை அழிக்காது.

ஏற்பதென்று முடிவு செய்தபின், எதை விடுவிக்கிறோம் என்பதே கேள்வி. கற்பனையாக ஒரு கணக்கைப் பார்ப்போம். கட்டட ஒப்பந்ததாரரின் பில் 10,00,000 ரூபாய். அதில் கூடுதல் வேலைக்கான 2,40,000 ரூபாயை உரிமையாளர் மறுக்கிறார். மொத்தம் 8,60,000 தர முன்வருகிறார். மறுக்கப்படாத 7,60,000 எப்படியும் வர வேண்டியது. பேரம் உண்மையில் 2,40,000-க்கு 1,00,000 என்பதே. இதுபோக, பிடித்து வைத்த 50,000 ரூபாய் வைப்புத்தொகை உரிமையாளரிடமே இருக்கிறது. "இந்த வேலை தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், யாரும் பேசாத அந்த ஐம்பதாயிரமும் ஆபத்துக்குள்ளாகும். என் பரிந்துரை இது:

"இன்ன எண், இன்ன தேதியிட்ட பில்லுக்கு மட்டும், வரிப் பிடித்தத்துக்கு முந்தைய தொகையாக 8,60,000 ரூபாயை முழு இறுதித் தீர்வாக ஏற்கிறேன். காசோலை பணமான நாளிலிருந்தே இவ்விடுவிப்பு செல்லும். 50,000 ரூபாய் வைப்புத்தொகை இதில் அடங்காது."

நடுவிலுள்ள வரியை யாரும் விட்டுவிடக் கூடாது. அது இல்லாமல், காசோலை திரும்பினால் கையில் பணமும் இராது, எதிராளியிடம் விடுவிப்பு மட்டும் இருக்கும்.

வேறு வழியின்றிக் கையெழுத்திட்டேன் என்ற வாதம் எப்போதும் தோற்பதில்லை. வற்புறுத்திப் பெற்ற விடுவிப்புச் சீட்டு கோரிக்கையைத் தடுக்காது என்று போகரா பாலிஃபாப் (2009) தீர்ப்பு ஏற்றது. ஆனால் ஜீனஸ் பவர் (2015) தீர்ப்பின்படி, வற்புறுத்தல் என்று சொன்னால் மட்டும் போதாது. அதற்கான விவரமும் முதல்நிலை ஆதாரமும் காட்ட வேண்டும். எனவே நெருக்கடியில் கையெழுத்திடுபவர், தொகையை நிறுத்தி வைத்து மிரட்டிய கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் அன்றே பத்திரப்படுத்த வேண்டும்.