55-க்குள் ஒரு ரகசியம்

குறிலும் நெடிலுமாக ஓர் அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? கிறிஸ்துவுக்கு முந்தையவராகக் கருதப்படும் பிங்கலருக்கு யாப்பில் எழுந்த கேள்வி இது. இரண்டை அடுக்கடுக்காகப் பெருக்க வேண்டும். அவர் குறுக்குவழி பிடித்தார்: அடுக்கு இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் ஒன்றைக் கழி. திரும்பி வரும்போது, பாதியாக்கிய இடத்தில் வர்க்கம் எடு, கழித்த இடத்தில் ஒருமுறை பெருக்கு.

கி.பி. 499-இல் ஆரியபட்டருக்குக் கவலை வேறு: இன்ன எண்ணால் வகுத்தால் இன்ன மீதி தரும் எண் எது? கோள் கணிதத்துக்காக அவர் தந்த அந்த வழியைப் பின்வந்தோர் குட்டகம் என்றார்கள்.

1763-இல் ஆய்லர், அடுக்குகளின் மீதிகள் ஒரு சுற்றில் திரும்பி வருவதை நிறுவினார். யாருக்கும் அதில் காசு வரவில்லை. 1973-இல் பிரிட்டிஷ் உளவு நிறுவனத்தில் கிளிஃபோர்ட் காக்ஸ் இவற்றைச் சேர்த்து ஒரு மறைகுறியீடு செய்தார். அது 1997 வரை வெளியே வரவில்லை. இதற்கிடையே, 1977-இல், ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் அதையே தாமாகக் கண்டு பெயரும் காப்புரிமையும் பெற்றார்கள். அதுதான் ஆர்.எஸ்.ஏ.

சின்ன எண்களில் செய்து பார்ப்போம். பகா எண்கள் 5, 11. பெருக்கினால் 55, இது ஊரறிய இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்துப் பெருக்கினால் 4 × 10 = 40; இது ரகசியம். பூட்டுவது என்றால், செய்தி எண்ணைப் பொதுச் சாவியின் அடுக்குக்கு உயர்த்தி 55-ஆல் வகுத்து மீதியை எடுப்பது. அந்தச் சாவியாக 5 ஆகாது. அது 40-ஐ வகுப்பதால் 1, 16 இரண்டுமே பூட்டிய பின் 1 ஆகிவிடும். திறப்பவர் எதை எடுப்பார்? 40-உடன் பொதுக் காரணி இல்லாத 3 ஆகும்.

ரகசியச் சாவிக்குக் குட்டகம். மூன்றால் பெருக்கி 40-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 3 × 13 = 39, நாற்பதுக்கு ஒன்று குறைவு. ஆக 40-இலிருந்து 13 போக 27. சரிபார்க்க: 3 × 27 = 81, 40-ஆல் வகுக்க மீதி 1.

அனுப்பும் செய்தி 8 (55-க்குள் இருந்தாக வேண்டும்). 8³ = 512; 55-ஆல் வகுக்க மீதி 17. அதைத் திறக்க 17-இன் 27-ஆம் அடுக்கு வேண்டும். முப்பத்து நான்கு இலக்கப் பூதம்! பிங்கலர் வழியில் 27, 26, 13, 12, 6, 3, 2, 1 என இறங்கி, ஏறும்போது ஒவ்வொரு படியிலும் 55-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் பூதம் தலைகாட்டாது:

```
17^1  -> 17
17^2  -> 14
17^3  -> 18
17^6  -> 49
17^12 -> 36
17^13 -> 7
17^26 -> 49
17^27 -> 8
```

எட்டு வந்துவிட்டது. 55-ஐப் பிரிக்கப் பள்ளிப் பிள்ளையே போதும் என்பதால் இது விளையாட்டுப் பூட்டுதான். 1977-இல் சவாலாக விட்ட 129 இலக்க எண்ணையும் 1994-இல் உடைத்துவிட்டார்கள். இன்று வழக்கில் இருப்பவை அறுநூறு இலக்கங்களைத் தாண்டும்.

சாவிகளை இடம் மாற்றினால் கையொப்பம் கிடைக்கும். இ-சேவையில் வாங்கும் சான்றிதழில் அதிகாரி இடும் மின் கையொப்பத்தின் சூட்சுமம் இதுவே. 8-ஐ ரகசியமான 27-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 2, அதுவே கையொப்பம். பொதுச் சாவி 3 கையில் உள்ள எவரும் சரிபார்க்கலாம்: 2³ = 8.